வரைவு ஆவணத்தில் அக்காவின் பங்கு

கோவில்பட்டியில் கம்பெனிச் செயலாளராகத் தொழில் செய்கிறேன். ஒரே நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருக்கிற செயலாளர் இல்லை. சொந்தமாக அலுவலகம் போட்டு, கம்பெனிகள் சட்டப்படி அரசுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவள். இப்படியொரு தொழில் இருப்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆடிட்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் திருத்துவதில்லை.

அட்டைப்பெட்டிக் கம்பெனி முதலாளி ஒருவர் என்னைக் கூப்பிட்டனுப்பியபோது ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. புறவழிச்சாலையை ஒட்டிய தொழிற்சாலை. அவருடைய அப்பா தீப்பெட்டி ஆபீசுகளுக்கு மேலட்டை அச்சடித்துக் கொடுக்க ஆரம்பித்தது. மகன் காலத்தில் நொறுக்குத்தீனி, மசாலாப்பொடி, மருந்து என்று எல்லாவற்றுக்கும் பெட்டி போனது. ஊரில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அவருக்கு முன்வரிசையில் நாற்காலி இருக்கும்.

"கம்பெனிய பங்குச் சந்தைல ஏத்தப் போறோம் மேடம்," என்றார். "சென்னைல இருந்து ஆளு வந்துட்டாவ. அவிய ஆரம்பத்துல இருந்து எல்லாப் பங்குக்கும் கணக்கு கேக்காவ. பழைய பதிவேடு எல்லாத்தையும் கரையான் அரிச்சுட்டு. நீங்கதான் எடுத்துக் குடுக்கணும்."

சென்னை ஆள் என்று அவர் சொன்னது, வெளியீட்டை நடத்தித்தரும் மெர்ச்சன்ட் பேங்கர் நிறுவனத்தின் குழுவை. அதன் தலைவி முப்பது வயதிருக்கும் பெண். போனில் பேசும்போது குரலே உயராது. அவள் கேட்டது இவ்வளவுதான்: கம்பெனி பிறந்த நாளிலிருந்து ஒவ்வொரு பங்கும் எப்படி உண்டானது, யார் கையில் இருந்தது, யாருக்குப் போனது, என்ன விலைக்கு, ஏன். பொதுமக்களிடம் பங்கு விற்பதற்கு முன் வெளியிடும் வரைவு ஆவணத்தில் அது ஓர் அட்டவணையாக வந்தாக வேண்டும். ப்ரொமோட்டர் எனப்படும், கம்பெனியை உண்டாக்கிய அல்லது ஆள்கிறவர்களின் பங்கு எப்படிச் சேர்ந்தது என்று ஒரு வரி விடாமல் காட்ட வேண்டும். கம்பெனியின் பதிவேடு இல்லாதபோது, என்னைப் போன்ற ஒருத்தர் அரசுப் பதிவுகளில் தேடி அறிக்கை கொடுக்க வேண்டும். கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்றே எழுத வேண்டும்.

கம்பெனிப் பதிவாளர் அலுவலக இணையதளத்தில் கட்டணம் கட்டிப் பழைய கோப்பைத் திறந்தேன். மங்கலாக, கோணலாக ஸ்கேன் செய்த தாள்கள். கம்பெனி தொடங்கியபோது பதிவுசெய்த அமைப்பு விதிகளின் கடைசிப் பக்கத்தில், முதல் பங்குகளை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தவர்கள் தங்கள் கையாலேயே பெயர், தகப்பனார் பெயர், விலாசம், தொழில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். பிரைவேட் கம்பெனி என்றால் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். அந்தப் பக்கத்திலும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் முதலாளியின் அப்பா. இன்னொரு கையெழுத்து முதலாளியுடையது என்று நினைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். இல்லை. ஒரு பெண். தொழில் என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று அழுத்தமாக எழுதியிருந்தது. முதலாளியின் அக்கா.

அவருக்குப் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் பங்கு இருந்தது. அப்பாவின் பங்குகள் பிற்பாடு, அப்பா இருக்கும்போதே, மகனுக்குப் போயிருந்தன. அதற்கான தாள் எல்லாம் சரியாக இருந்தது. அக்காவின் பங்குகள் அப்பா காலமான பிறகு வந்த ஆண்டறிக்கையில் ஒரே வரியில் தம்பி பெயருக்கு மாறியிருந்தன. மாற்றும்போது கொடுக்கிறவர் கையெழுத்திட வேண்டிய படிவம் அரசிடம் வராது, கம்பெனியிடம்தான் இருக்கும். கம்பெனியிடம் கரையான் இருந்தது.

முதலாளியிடம் கேட்டேன்.

"அது அக்கா எனக்குத் தானமாக் குடுத்தது."

"படிவம் இல்லையே அண்ணாச்சி."

"அதான் இல்லைல்லா. அக்காகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துருங்க. தானமாத்தான் குடுத்தேன்னு ஒரு உறுதிமொழி. பசுவந்தனைலதான் இருக்கா. நான் போனா ஒருமாதிரி இருக்கும்."

ஏன் ஒருமாதிரி இருக்கும் என்று நான் கேட்கவில்லை. எப்படியும் அந்த அம்மாளிடம் நான் போக வேண்டியிருந்தது. ப்ரொமோட்டரின் கூடப்பிறந்தவர்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ப்ரொமோட்டர் குழுவில் சேர்ந்துவிடுவார்கள். அவர்களுக்கு வேறு கம்பெனி உண்டா, வழக்கு உண்டா என்று எழுதி வாங்க வேண்டும்.

பசுவந்தனைக்குப் போனபோது மழை வரவில்லை. கரிசலில் கால் நுழைகிற அளவு வெடிப்பு. சில பேர் மானாவாரி நிலத்தில் மழைக்கு முன்பே மக்காச்சோளத்தைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் வீடு ஊர்க்கோடியில் இருந்தது. அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். வீட்டுக்காரர் விதை வாங்க விளாத்திகுளம் போயிருந்தார். காப்பி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். நான் உறுதிமொழித் தாளை எடுத்து வைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"இது யாரு எழுதுனது?"

"வக்கீல் எழுதுனது அக்கா. நான்தான் கொண்டாந்தேன்."

"அன்பினாலும் பாசத்தினாலும் எந்தப் பிரதிபலனும் இல்லாமல் தானமாகக் கொடுத்தேன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"நான் குடுக்கலையேம்மா."

குரலில் கோபம் இல்லை. மாவு அரைத்தாயா என்று கேட்டதற்கு இல்லை என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பி.காம். முடித்த கையோடு அப்பாவுடன் ஆபீசில் உட்கார்ந்தது. தீப்பெட்டிக்காரர்களிடம் ஆர்டர் வாங்கப் போனது. கம்பெனி பதிவுசெய்த அன்று அப்பா பேனாவை நீட்டியது. கல்யாணமான பிறகு ஆபீசுக்குப் போவது நின்றது. பங்கு நிற்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா போன பொறவு ஒருக்கா தம்பிகிட்ட கேட்டேன். அது சும்மா பேருக்குக்கா, கம்பெனி ஆரம்பிக்க ரெண்டு ஆளு வேணும்லா, அதுக்குப் போட்டதுன்னான். சரின்னுட்டேன். பதினாறு முடிஞ்சதும் நெறைய பேப்பர்ல கையெழுத்து வாங்கினான். பேங்க்குக்கு, வீட்டுப் பட்டாவுக்குன்னு. அதுல இதுவும் இருந்துதோ என்னமோ. எனக்குத் தெரியாது."

நான் தாளை எடுத்துப் பையில் வைக்கப் போனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"இதுல கையெழுத்துப் போட முடியாது. ஆனா பங்கு விக்கதுக்கு ஒரு பொஸ்தகம் போடுதாவளாம்லா, அதைக் காட்டு. நம்ம கம்பெனியைப் பத்தி என்ன எழுதியிருக்காவன்னு பாக்கணும்."

ப்ரொமோட்டர் குழுவில் இருப்பவர் தன்னைப் பற்றி என்ன வரப்போகிறது என்று பார்ப்பதில் தவறில்லை. போன வாரம் வந்த வரைவு என் மடிக்கணினியில் இருந்தது. அவரைப் பற்றிய பக்கங்களை மட்டும் காட்டினேன். வரலாறு என்ற அத்தியாயத்தில் அப்பா நிறுவியதாகவும் மகன் வளர்த்ததாகவும் இருந்தது. மூலதன அமைப்பில், முதல் பங்குதாரர்கள் என்ற இடத்தில், நான் கொடுத்த விவரப்படி அவர் பெயர் இருந்தது. அதற்குக் கீழே, இப்போது யாரிடம் எவ்வளவு என்கிற அட்டவணை. அதை அவருக்கு விளக்க ஆரம்பித்தபோதுதான் நானே அதை முழுதாகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். அதுவரை பழையதைத் தோண்டுவதே என் வேலையாக இருந்தது. இன்றைய பக்கத்தைப் பார்க்கவில்லை.

முதலாளி பாதிக்குச் சற்று மேல் வைத்திருந்தார். மீதி, சென்னை முதலீட்டு நிறுவனம் ஒன்றிடம். சில வருடங்களுக்கு முன் புது இயந்திரம் வாங்கப் பணம் போட்டவர்கள். அவர்களுக்கு அக்காவிடமிருந்து மாறிய பங்குகள் ஏறக்குறைய அப்படியே விற்கப்பட்டிருந்தன. அதுபோக முன்னுரிமைப் பங்குகள் வேறு. அவை சாதாரணப் பங்குகளாகக் கட்டாயம் மாற வேண்டியவை. வெளியீட்டுக்கு முன்பே மாறிவிட வேண்டும், அது விதி. ஒன்றுக்கு எத்தனை என்பது கம்பெனி சம்பாதித்த இலாபத்தைப் பொறுத்தது. சொன்ன இலாபம் வராவிட்டால் அவர்களுக்கு அதிகப் பங்கு. சொன்ன இலாபம் வந்திருக்கவில்லை. அடுத்த அட்டவணையில் மாறிய பிறகான கணக்கு இருந்தது. முதலாளியின் பெயருக்கு நேரே இருந்த எண் பாதிக்குக் கீழே போயிருந்தது. பொதுமக்களுக்கு விற்ற பிறகு இன்னும் கீழே.

நான் பேசுவதை நிறுத்தியதைப் பார்த்து அக்கா கேட்டார், "என்னம்மா?"

"ஒண்ணுமில்ல அக்கா. இது தம்பிக்குத் தெரியுமான்னு யோசிச்சேன்."

வெளியே வெயில் வெளுத்துக்கிடந்தது. வண்டியில் வரும்போது அந்த இரண்டு அட்டவணையும்தான் மனதில் ஓடின. அக்காவின் பங்கு மறைந்தது ஒரு பழைய கதை. அதே வழியில் இன்னொன்று வந்துகொண்டிருந்தது, இந்த முறை தம்பிக்கு.

மறுநாள் தொழிற்சாலைக்குப் போய் இரண்டையும் சொன்னேன். அக்கா கையெழுத்துப் போட மாட்டார் என்றதும் முகம் இறுகியது. முன்னுரிமைப் பங்குகள் மாறினால் அவர் பங்கு பாதிக்குக் கீழே போகும் என்றதும் சிரித்தார்.

"அவிய நம்ம ஆளு மேடம். வந்தா எங்க வீட்டுலதான் சாப்பாடு. எம் மகன் காலேஜுக்கு இடம் வாங்கித் தந்ததே அவியதான். கம்பெனியை எடுத்துக்கிட்டு இந்தக் கரிசல்ல வந்து என்ன செய்யப் போறாவ?"

"அவங்களோட போட்ட ஒப்பந்தத்தை நீங்க படிச்சீங்களா?"

"வக்கீல் படிச்சாரு."

ஒப்பந்தத்தின் சுருக்கமும் வரைவில் இருந்தது, முக்கிய உடன்படிக்கைகள் என்ற தலைப்பில். தான் விற்ற பங்குகளும் தன் பெயரில் உள்ளவையும் முழுக்கத் தனக்கே உரியவை, வேறு யாருக்கும் பாத்தியதை இல்லை என்று அவர் உறுதி கொடுத்திருந்தார். அது பொய்யானால் முதலீட்டு நிறுவனம் இயக்குநர் குழுவில் பெரும்பான்மை இடங்களை எடுத்துக்கொள்ளலாம், அவருடைய பங்குகளையும் ஒப்புக்கொண்ட விலையில் வாங்கிக்கொள்ளலாம். பங்கு சந்தையில் ஏறிவிட்டால் இந்தச் சிறப்பு உரிமைகள் தீர்ந்துவிடும். ஏறும்வரை உயிரோடு இருக்கும். அந்தப் பத்தியை அவருக்குப் படித்துக் காட்டினேன். மேசைமேல் இருந்த மாதிரிப் பெட்டிகளில் ஒன்றை எடுத்து மடித்து விரித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அக்கா கையெழுத்து வந்தாகணும்," என்றார் கடைசியில். "வரலைன்னா நீங்க தானம்னே எழுதிருங்க. யாரு கேக்கப் போறா?"

"எழுத முடியாது அண்ணாச்சி. மாறியிருக்கு, படிவம் கிடைக்கலை, கொடுத்தவங்க உறுதி செய்யலை. இவ்வளவுதான் எழுத முடியும்."

"நீங்க அக்காகிட்ட கையெழுத்து வாங்கப் போனீங்களா, இல்ல கதை கேக்கப் போனீங்களா?"

நான் மடிக்கணினியை மூடிப் பையில் வைத்தேன். பதில் சொல்லியிருந்தால் கதை கேட்கத்தான் என்று சொல்லியிருப்பேன்.

இரண்டு பேரையும் என் அலுவலகத்தில் சந்திக்க வைத்தேன். பொதுவான இடம் என்று இருவருமே ஒத்துக்கொண்டார்கள். நண்பகல். அக்கா பஸ்ஸில் வந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தம்பி வந்ததும் "சாப்டியாலே?" என்று கேட்டார். அவரைப் பெயர் சொல்லாமல் ஏலே என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அந்த அம்மாள்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"எவ்வளவு வேணும்னு சொல்லுக்கா," என்றார் தம்பி.

அக்கா அவரையே பார்த்தார்.

"வெல கேட்டு வரலை நான். நீ கேட்டிருந்தா குடுத்திருப்பேன். அந்த வருஷமே கேட்டிருந்தா, எடுத்துக்கோலேன்னு தூக்கிக் குடுத்திருப்பேன். கேக்காம எடுத்துக்கிட்டு, இப்ப நானா குடுத்தேன்னு எழுதித் தரச் சொல்லுத. அது எனக்கு முடியலை."

"இந்த ஒரு கையெழுத்து இல்லைன்னா கம்பெனியே போயிரும்க்கா."

"நான் போட்டா பொய்யி. பொய்ல நிக்கிற கம்பெனி எத்தனை நாளு நிக்கும்?"

"அப்பா கம்பெனிக்கா."

"எனக்குந்தான்," என்றார் அக்கா.

தம்பி முதலில் எழுந்து போனார். அக்கா கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார். மதியம்தான் ஆகியிருந்தது.

முதலாளியிடம் சொன்னபடியே எழுதி அறிக்கை கொடுத்தேன். சென்னைப் பெண் வாங்கிக்கொண்டாள். அவளுக்கு ஆச்சரியம்கூட இல்லை. "அபாயக் காரணிகளில் போட்டுவிடலாம் மேடம்," என்றாள், அதே உயராத குரலில். முதலீடு செய்கிறவர் முன்கூட்டி அறிய வேண்டிய ஆபத்துகளைப் பட்டியலிடும் அத்தியாயம் அது. அதில் ஒரு பத்தி சேர்ந்தது: எங்கள் ப்ரொமோட்டர் பெற்ற சில பங்குகளுக்கான மாற்றுப் படிவம் கிடைக்கவில்லை, மாற்றிக்கொடுத்ததாகக் காட்டப்படும் உறவினர் அதை உறுதி செய்யவில்லை, எதிர்காலத்தில் உரிமை கோரப்படாது என்று எங்களால் உறுதி கூற இயலாது.

வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வந்த அன்றே ஊர் முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றியது. பருத்திக் கமிஷன் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் என்னை வழியில் நிறுத்தி, "என்னம்மா, மொதலாளி கம்பெனி நடக்குற நெலமே அவரு பேர்ல இருக்கு, கம்பெனி அவருக்கு வாடகை குடுக்குதாமே," என்றார். முதலாளியுடைய சம்பளம், அவர் மனைவி பெயரில் இருந்த அச்சு மை வியாபாரம், வரித்துறையுடன் உள்ள வழக்கு, எல்லாமே டீக்கடைப் பேச்சாகின. எல்லாரும் அதைப் படித்துச் சிரித்தார்கள். அந்த ஒரு பத்தியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதைக் கவனமாகப் படித்தவர்கள் சென்னையில் இருந்தார்கள்.

ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. முதலாளி என்னைப் போனில் கூப்பிட்டு வரச்சொன்னார். போனபோது மேசைமேல் ஒரு நோட்டீஸ் இருந்தது. பங்குகள் தனக்கே உரியவை என்று கொடுத்த உறுதி, அவரே கையெழுத்திட்டு வெளியிட்ட வரைவின்படி, கேள்விக்குள்ளாகியிருக்கிறது. ஆகவே ஒப்பந்தப்படியான உரிமைகளை முதலீட்டு நிறுவனம் பயன்படுத்துகிறது.

"போன வாரம் வீட்டுக்கு வந்தாவ," என்றார். "மீன் கொழம்பு நல்லாருக்குன்னு ரெண்டு தடவ கேட்டு வாங்கிச் சாப்டாவ. அப்பவே இது தபால்ல போட்டாச்சு மேடம். தேதியப் பாருங்க."

பார்த்தேன். உண்மைதான்.

அடுத்த இயக்குநர் கூட்டத்துக்குப் புதிதாக மூன்று பேர் வந்தார்கள். மழையில் கார் சேற்றில் சிக்கி, அலுவலக ஆட்கள் தள்ளிவிட்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். முதலாளியைத் தலைவர் நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள், அவர் உட்காரவில்லை. வெளியீட்டு விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவது என்று தீர்மானம் ஆனது. முன்னுரிமைப் பங்குகள் மாற்றப்பட்டன. சில மாதங்களில் ஒப்புக்கொண்ட விலைக்கு அவருடைய பங்குகளும் போயின. வழக்குப் போடலாம் என்று ஒரு வக்கீல் சொன்னார், போட்டால் பத்து வருடம் என்று இன்னொருவர் சொன்னார். கையில் பணம் வந்தது. அந்தப் பணத்தைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை.

இதற்கிடையில், மார்கழியில், அக்காவைப் பார்க்கப் போனேன். மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. எனக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தார்.

"என்னாலதான் போச்சோ?" என்று கேட்டார்.

"இலாபக் கணக்குலயே பாதி போயாச்சு அக்கா. நீங்க போட்டிருந்தாலும் மெல்லமாப் போயிருக்கும்."

"மெல்லமாப் போயிருந்தா அவன் தாங்கியிருப்பான்."

தம்பி இவர் வீட்டுக்கு வருவதில்லை. தீபாவளிக்கு மட்டும் ஆள் மூலம் பலகாரம் வந்தது என்றார். சொந்தக் கம்பெனிப் பெட்டியில் இல்லை, ஏதோ பிளாஸ்டிக் டப்பாவில்.

இந்த வருடம் கம்பெனி மறுபடி வரைவு தாக்கல் செய்திருக்கிறது. எனக்கு அதில் வேலை கொடுக்கவில்லை. யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம், நானும் என் மேசையில் உட்கார்ந்து படித்தேன். எங்கள் ப்ரொமோட்டர்கள் என்ற அத்தியாயத்தில் அந்த முதலீட்டு நிறுவனமும் அதைக் கட்டுப்படுத்தும் இரண்டு பேருடைய பெயரும் படமும் இருந்தன. கீழே, விதிப்படி எழுதியே ஆக வேண்டிய வாக்கியம்: எங்கள் தற்போதைய ப்ரொமோட்டர்கள் கம்பெனியின் மூல ப்ரொமோட்டர்கள் அல்லர். எந்தத் தேதியில், யாரிடமிருந்து, என்ன விலைக்குக் கட்டுப்பாடு கைமாறியது என்று நாலு வரி. ஒரு குடும்பத்தில் நடந்தது அவ்வளவும் நாலு வரிக்குள் அடங்கியிருந்தது. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

திரட்டும் பணத்தை எதற்குச் செலவிடுவார்கள் என்ற பக்கத்துக்குப் போனேன். ஆந்திராவில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் புதுத் தொழிற்சாலை. பிறகு அபாயக் காரணிகளில் ஒன்று: எங்களின் கோவில்பட்டி ஆலை முன்னாள் ப்ரொமோட்டருக்குச் சொந்தமான நிலத்தில் குத்தகையில் இயங்குகிறது, குத்தகை முடியும்போது புதுப்பிக்க வேண்டும் என்ற கட்டாயம் எங்களுக்கு இல்லை, அங்குள்ள உற்பத்தியை வேறிடத்துக்கு மாற்றவோ நிறுத்தவோ நேரலாம்.

குத்தகை எப்போது முடிகிறது என்று பார்த்தேன். அதிக நாள் இல்லை.

மடிக்கணினியை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் வந்தேன். ஷிப்டு மாறும் நேரம். புதூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிவரும் கம்பெனி வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாலையில் போய்க்கொண்டிருந்தன. கடைசி வேனில் இடம் இல்லாமல் இரண்டு பேர் நின்றுகொண்டே போனார்கள். என் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற பெண்ணின் மகள் போன மாதம்தான் அங்கே சேர்ந்திருந்தாள். நிரந்தரம் ஆக்கிவிடுவார்களா என்று அவள் அம்மா காலையில் என்னிடம் விசாரித்திருந்தாள். கம்பெனிக்காரர்களை எனக்குத் தெரியும் என்று நினைத்துக் கேட்டது. சாயங்காலம் வருவாள். என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.